ஒரு கார், இரண்டு பைக்: சர்வீஸ், இன்சூரன்ஸ் தேதிகளைத் தவறவிடாமல் வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் ஒரே குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2023 ஜூன் 14 அன்று பதிவான பெட்ரோல் கார் ஒன்று. 2022 அக்டோபர் 20 அன்று அம்மா பெயரில் பதிவான ஸ்கூட்டர் ஒன்று. 2014 மார்ச்சில் அப்பா பெயரில் வாங்கி, தினமும் வேலைக்குப் போய்வரும் நூறு சிசி பைக் ஒன்று. கார் அப்பா பெயரில் இருக்கிறது.

ஸ்கூட்டர் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சுன்னு ஷோரூம்ல சொன்னாங்க. அப்புறம் ஏன் வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்றாங்க?

ஐந்து வருஷத்துக்குப் போட்டது தேர்ட் பார்ட்டி மட்டும். உங்கள் ஸ்கூட்டருக்கான பாதுகாப்பு ஒரு வருஷத்தோடு முடிந்துவிட்டது.

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதுக் கார் வாங்கினால் 3 ஆண்டு, புது இருசக்கர வாகனம் வாங்கினால் 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாக எடுத்தாக வேண்டும். நம் வண்டி யார் மீதாவது மோதினால் அவர்களுக்குத் தரவேண்டிய இழப்பீட்டுக்கு மட்டும்தான் அது. நம் வண்டி திருடுபோனாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ, விபத்தில் நொறுங்கினாலோ பணம் தருவது ஓன் டேமேஜ் என்கிற இன்னொரு பகுதி. ஷோரூமில் தரும் பாலிசியில் இது பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும்.

ஆகவே நம் ஸ்கூட்டருக்கு முதல் பாலிசியிலேயே இரண்டு முடிவுத் தேதிகள் இருந்தன. ஓன் டேமேஜ் 2023 அக்டோபர் 19 வரை, தேர்ட் பார்ட்டி 2027 அக்டோபர் 19 வரை. பாலிசித் தாளில் இரண்டும் தனித்தனி வரியில் அச்சாகியிருக்கும். பலர் முதல் பக்கத்தில் கண்ணில் படும் தூரத்துத் தேதியை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

காருக்கும் இதே கதைதான். ஓன் டேமேஜ் 2024 ஜூன் 13-இல் முடிந்து வருஷம்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. தேர்ட் பார்ட்டி 2026 ஜூன் 13 வரை ஓடும். அந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் முடிவதால், அப்போது தனி ஓன் டேமேஜ் பாலிசி எடுத்தால் போதாது. இரண்டும் சேர்ந்த முழு பாலிசி எடுக்க வேண்டும். மூன்றாவது வருஷம் காருக்கும் ஐந்தாவது வருஷம் ஸ்கூட்டருக்கும் வரும் இந்தத் திருப்பத்தை இப்போதே குறித்து வைத்துவிடுங்கள். அப்பாவின் பைக் 2018-க்கு முந்தையது. அதற்கு எல்லாமே ஓராண்டுப் பாலிசி, ஒரே தேதி.

mParivahan-ல பார்த்தா இன்சூரன்ஸ் 2027 வரைக்கும் இருக்குன்னு காட்டுது. அதை நம்பலாமா?

போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கு நம்பலாம். வண்டி திருடுபோனால் பணம் வருமா என்று தெரிந்துகொள்ள நம்பக்கூடாது.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அதனால் அரசின் பதிவேட்டில் பெரும்பாலும் அந்தத் தேதிதான் தெரியும். ஸ்கூட்டரின் ஓன் டேமேஜ் 2024 அக்டோபர் 19 அன்று முடிந்து, வீட்டில் யாரும் கவனிக்காமல் 2024 டிசம்பர் 2 அன்றுதான் புதுப்பித்தார்கள் என்று வையுங்கள். இடையில் கிட்டத்தட்ட ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் செயலியில் இன்சூரன்ஸ் செல்லும் என்றே காட்டியிருக்கும், அபராதமும் வந்திருக்காது. ஆனால் நவம்பர் மழையில் வண்டி மூழ்கியிருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

இதற்குப் பிறகு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. டிசம்பர் 2-இல் எடுத்த பாலிசி 2025 டிசம்பர் 1 வரை ஓடும். தேர்ட் பார்ட்டியோ பழையபடி அக்டோபர் 19-லேயே நிற்கிறது. இனி இந்த ஸ்கூட்டரின் இரண்டு தேதிகளும் வேறு வேறு மாதத்தில் இருக்கும். ‘ஸ்கூட்டர் இன்சூரன்ஸ்’ என்று ஒற்றை வரியில் குறித்து வைத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தவறும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த நிறுவனம், பாலிசி எண் என்ன என்றும் எழுதுங்கள். தனி ஓன் டேமேஜ் பாலிசியை வேறு நிறுவனத்தில் எடுத்திருக்கலாம். விபத்து நடந்த நாளில் எந்தப் பாலிசிக்கு யாரை அழைப்பது என்று தேட வேண்டியிருக்கக் கூடாது.

ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் புதுப்பிச்சா என்ன ஆயிடும்? பிரீமியம் கூடுமா?

எந்தப் பகுதி முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தேர்ட் பார்ட்டி முடிந்திருந்தால் அந்த நள்ளிரவு முதல் வண்டியை ரோட்டில் எடுக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆம் பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்தில் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். இருசக்கர வாகனத்துக்கான தேர்ட் பார்ட்டித் தொகை மிகக் குறைவு. 2022-இல் அரசு அறிவித்த கட்டணத்தில் 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு ரூ.714. இதை எல்லா நிறுவனமும் ஒரே விலைக்குத்தான் தரவேண்டும். விலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நாள் கடத்தக் காரணமே இல்லை.

ஓன் டேமேஜ் மட்டும் முடிந்திருந்தால் வண்டி ஓட்டலாம். ஆனால் இரண்டு நஷ்டம். ஒன்று, காராக இருந்தால் பெரும்பாலும் நிறுவனம் வண்டியைப் பரிசோதித்த பிறகே பாலிசி தரும். ஆள் வந்து பார்ப்பார், அல்லது நாமே போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல், நசுங்கல் எல்லாம் அதில் பதிவாகும். பிறகு அவற்றுக்கு கிளெய்ம் கிடைக்காது. இரண்டாவது, நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி அது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் அது அப்படியே நிற்கும். 91-ஆம் நாள் சுழியத்துக்கு வந்துவிடும்.

கணக்காகப் பார்த்தால், காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000 என்றால் 50 சதவீதத் தள்ளுபடி ரூ.4,000. 90 நாளைத் தாண்டினால் முதல் ஆண்டு முழு ரூ.8,000-ம் கட்டவேண்டும். அடுத்த ஆண்டு தள்ளுபடி வெறும் ரூ.1,600. மறுபடி ரூ.4,000 தள்ளுபடிக்குத் திரும்ப ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியாக வேண்டும். நம் ஸ்கூட்டர் 44-ஆம் நாளே புதுப்பிக்கப்பட்டதால் அம்மாவின் போனஸ் தப்பியது. கடைசி நாள் 2025 ஜனவரி 17-ஆக இருந்திருக்கும்.

ஆன்லைனில் தாமதமாக எடுக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. பணம் கட்டிய நொடியிலிருந்து பாதுகாப்பு தொடங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். பாலிசியில் தொடக்க நாளும் நேரமும் அச்சாகியிருக்கும். முடிந்துபோன பாலிசிக்குச் சில நிறுவனங்கள் சில நாள் தள்ளித்தான் தொடங்குகின்றன. அந்த நேரம் வரும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

கம்பெனியிலிருந்து மெசேஜ் வரும்ல, அதுவே போதாதா?

மெசேஜ் யாருடைய எண்ணுக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். ஷோரூமிலோ ஏஜென்ட் மூலமாகவோ எடுத்த பாலிசிகளில் அவர்களுடைய போன் நம்பரும் மின்னஞ்சலும் பதிவாகியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. நினைவூட்டல் எல்லாம் அவர்களுக்குப் போகும், உங்களுக்கு எதுவும் வராது. மூன்று பாலிசித் தாளையும் எடுத்து, உரிமையாளர் பெயருக்குக் கீழே இருக்கும் எண்ணைச் சரிபாருங்கள். வேறு எண் இருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி மாற்றிவிடுங்கள். கூடவே ஆர்.சி.-யில் உள்ள கைப்பேசி எண்ணையும் பாருங்கள். ஆர்.டி.ஓ. தொடர்பான ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

சர்வீஸ் விடறதுக்கு கிலோமீட்டர் பார்க்கணுமா, மாசம் பார்க்கணுமா?

இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. எது முதலில் வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மூன்று வண்டிக்கும் ஒரே விதி வைத்தால் ஒன்றுக்குச் சரியாகும், மற்ற இரண்டுக்கும் தவறாகும்.

ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் பராமரிப்பு அட்டவணை இருக்கும். நம் குடும்பத்தில் காருக்கு 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், ஸ்கூட்டருக்கு 6,000 கி.மீ. அல்லது 6 மாதம், பைக்குக்கு 3,000 கி.மீ. அல்லது 3 மாதம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 1, 2025 அன்று மூன்றின் ஓடோமீட்டரையும் பார்க்கிறோம்.

கார் கடைசியாக ஜனவரி 12 அன்று 31,400-இல் சர்வீஸ் ஆனது. இப்போது 34,900. 140 நாளில் 3,500 கி.மீ., அதாவது நாளுக்கு 25. இந்த வேகத்தில் 10,000 ஓட 400 நாள் ஆகும். அதற்கு முன்பே 12 மாதம் வந்துவிடும். ஆக, தேதிதான் ஆளுகிறது: 2026 ஜனவரி 12.

பைக் ஏப்ரல் 23 அன்று 52,300. இப்போது 53,860. 39 நாளில் 1,560 கி.மீ., நாளுக்கு 40. 3,000 ஓட 75 நாள் போதும், ஜூலை 7-இல் சர்வீஸ். ‘மூன்று மாதத்துக்கு ஒரு தடவை’ என்று ஜூலை 23-க்குக் குறித்திருந்தால், பழைய ஆயிலோடு இன்னும் 640 கி.மீ. ஓடியிருக்கும்.

ஸ்கூட்டர் பிப்ரவரி 8 அன்று 11,240. இப்போது 11,918. கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் போய்வருவதில் நாளுக்கு 6 கி.மீ. தான். 6,000 ஆக 1,000 நாள் வேண்டும். ‘இன்னும் ஓடவே இல்லையே’ என்று வீட்டில் தள்ளிப்போடுவது எப்போதும் இந்த வண்டியைத்தான். ஆனால் மூன்றில் ஆயில் கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள வண்டியும் இதுவே. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் இன்ஜின் நன்றாகச் சூடாகாது. எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். உட்பக்கத்தில் வெளுத்த பழுப்பில், மோர்க் குழம்பின் ஆடை போல ஒரு பசை ஒட்டியிருந்தால் அது அந்த நீர்தான். மூடியில் மட்டும் லேசாக இருந்தால், ஆயில் மாற்றி அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டினால் சரியாகும். ஆயில் முழுவதுமே பால் கலந்ததுபோல் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆகஸ்ட் 8 வந்ததும் கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடுங்கள்.

கிலோமீட்டரே பாராமல் தேதியை மட்டும் பார்க்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அதன் கொதிநிலை இறங்கும். பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வழக்கமான சர்வீஸ் பில்லில் இது தானாக வராது, கேட்டால்தான் மாற்றுவார்கள். இதற்குத் தனி வரி வையுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒவ்வொரு தடவையும் போடமுடியுமா? சுலபமா வழி இருக்கா?

Google Sheets-இல் ஒரு தாள் போதும். வண்டிக்கு ஒரு வரிசை. A-யில் வண்டியின் பெயர், B-யில் கடைசி சர்வீஸ் தேதி, C-யில் அன்றைய ஓடோமீட்டர், D-யில் இன்று அளவு பார்த்த தேதி, E-யில் இன்றைய ஓடோமீட்டர், F-இல் கையேடு சொல்லும் கிலோமீட்டர், G-யில் கையேடு சொல்லும் மாதம். முதல் வரிசையில் தலைப்புகளை எழுதி, H2-இல் இதை இட்டுக் கீழ் வரிசைகளுக்கும் நகலெடுங்கள்:

```
=MIN(EDATE(B2,G2), IF(E2=C2, EDATE(B2,G2), B2+F2*(D2-B2)/(E2-C2)))
```

மாதக் கணக்கில் வரும் தேதி, கிலோமீட்டர் கணக்கில் வரும் தேதி இரண்டில் முந்தையதை இது தரும். சர்வீஸ் முடிந்த அன்றே வண்டி இன்னும் ஓடாமல் இருந்தால் வகுக்கும் எண் சுழியமாகும், அப்போது பிழை காட்டாமல் மாதக் கணக்கையே எடுத்துக்கொள்ளும். H-இல் 46034 போல ஏதோ எண் வந்தால் பயப்பட வேண்டாம். அது 2026 ஜனவரி 12-தான், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

உண்மையில் ஏமாற்றக்கூடிய தவறு வேறு. தாளின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/06/2025 என்று ஜூன் 5-ஐ நினைத்து நீங்கள் அடிப்பதை அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழையும் காட்டாது. 13/06/2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே என்று அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும், சூத்திரம் `#VALUE!` என்று காட்டும். கண்டுபிடிக்கும் வழி எளிது: தேதியாக ஏற்றுக்கொண்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்தது இடப்பக்கம் நிற்கும். File > Settings போய் Locale-ஐ India என்று மாற்றிவிட்டு, ஏற்கெனவே அடித்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள்.

D, E இரண்டையும் மாதம் முதல் தேதியில் மாற்றினால் போதும். யார் எந்த வண்டியை ஓட்டுகிறார்களோ அவர்கள் மீட்டரைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடட்டும், ஒருவர் தாளில் ஏற்றட்டும். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது பில்லையும் மீட்டரையும் சேர்த்து ஒரே படமாக எடுங்கள். பில்லில் கிலோமீட்டரைத் தோராயமாகப் போடுவது பல பட்டறைகளில் வழக்கம்.

காலண்டர்ல வருஷா வருஷம் திரும்ப வர்ற மாதிரி நினைவூட்டல் வெச்சுட்டா போதுமா?

இன்சூரன்ஸுக்குப் போதும். புகைச் சான்றிதழுக்கும் சர்வீஸுக்கும் அப்படி வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸை 20 நாள் முன்பே புதுப்பித்தாலும், புதுப் பாலிசி பழையது முடிந்த மறுநாள்தான் தொடங்கும். தேதி நகராது, நாளும் வீணாகாது. ஆகவே 30 நாள் முன்பு ஒன்று, 7 நாள் முன்பு ஒன்று, முந்தைய நாள் ஒன்று என்று நினைவூட்டல் வைத்து ஆண்டுதோறும் திரும்ப வரச் செய்யலாம். இடைவெளி விட்டுப் புதுப்பித்தால் மட்டும், நம் ஸ்கூட்டர்போல, பழையதை அழித்துப் புதிதாக வையுங்கள்.

புகைச் சான்றிதழ் அப்படியில்லை. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். 18 நாள் முன்பே எடுத்தால் அந்த 18 நாளும் போய்விடும், அடுத்த ஆண்டுத் தேதியும் 18 நாள் முன்னால் வரும். ஆண்டுதோறும் பழைய நாளுக்கே நினைவூட்டல் அடித்தால், அது அடிக்கும்போது சான்றிதழ் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் புதுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் தேதிக்கு ஒருமுறை மட்டும் வரும் நினைவூட்டலை வையுங்கள். கால அளவும் வேறுபடும். காரும் ஸ்கூட்டரும் பி.எஸ்.-6 என்பதால் ஓராண்டு. அப்பாவின் 2014 பைக் பி.எஸ்.-4-க்கு முந்தையது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் சட்டத்தில் அபராத உச்சவரம்பு ரூ.10,000.

அதே பைக்குக்கு இன்னொரு தேதியும் எழுதுங்கள். தனியார் வண்டிகளுக்கு ஆர்.சி. 15 ஆண்டுதான் செல்லும். 2014 மார்ச்சில் பதிவானது 2029 மார்ச்சில் முடியும். நம் ஊரில் எஃப்.சி. எடுப்பது என்று சொல்வது இதைத்தான். வண்டியை ஆர்.டி.ஓ.-வில் காட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 2029 ஜனவரிக்கு இன்றே ஒரு நினைவூட்டல் வைத்துவிடலாம்.

மூணு வண்டிக்கும் ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பீடுன்னு தனித்தனியா பணம் பிடிக்கிறாங்களே, அது வேணுமா?

ஒருவருக்கு ஒன்று போதும், வண்டிக்கு ஒன்று தேவையில்லை. இது உரிமையாளர் ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ தரும் ரூ.15 லட்சக் காப்பீடு. நம் குடும்பத்தில் காரும் பைக்கும் அப்பா பெயரில் இருப்பதால் அவருக்கு ஒன்று, ஸ்கூட்டர் அம்மா பெயரில் இருப்பதால் அவருக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. அப்பாவின் காப்பீடு காரின் பாலிசியோடு சேர்ந்திருந்தால், பைக்கைப் புதுப்பிக்கும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தெரிவித்து நீக்கிவிடலாம். ஆனால் அதன் தேதியையும் தாளில் தனி வரியாக எழுதுங்கள். கார் பாலிசி ஜூன் 13-இல் முடிகிறது, பைக் பாலிசி இப்போது ஆகஸ்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் காரைப் புதுப்பிக்கும்போது இந்தக் காப்பீட்டைத் தவறுதலாக விட்டுவிட்டால், ஆகஸ்டில் பைக்குக்கும் பழக்கத்தில் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று அழுத்திவிடுவார்கள். அப்பாவுக்கு இரண்டு வண்டியிலும் காப்பீடு இல்லாமல் போகும். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் இந்தப் பணம் கிடைக்கும் என்பதால், அவரவர் லைசென்ஸ் முடியும் தேதியும் அதே தாளில், இந்த வரிக்கு அடுத்ததாக இருக்கட்டும்.